சாப்பிட்டு வந்தால் கேம் நின்றுவிடுகிறது: பிஎஸ்4, எக்ஸ்டென்ஷன் கேபிள், யூஎஸ்பி ஹப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருச்சியில் ஒரு வீடு. பிஎஸ்4 ஸ்லிம், அதில் 2 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க், கேம்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில். கேம் ஓடும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பி வந்து கன்ட்ரோலரைத் தொட்டால் திரை உறைந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் பிழைச் செய்தியோடு கேம் மூடிக்கொள்ளும். வெளிச் சேமிப்பகத்தை முறையாகக் கழற்றவில்லை என்று கன்சோல் எச்சரிக்கும், அடுத்த முறை தொடங்கும்போது டிஸ்க்கைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். யாரும் எதையும் கழற்றவில்லை.

கன்சோல்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்தப் புகார் பல வடிவங்களில் வருகிறது. பெரும்பாலும் டிஸ்க்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புது டிஸ்க் வாங்கியபிறகுதான் வருகிறார்கள். இந்தப் பையன் வாங்குவதற்கு முன்பே வந்தான். "அண்ணே, டிஸ்க் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள போயிருக்குமா?" என்றான். டிஸ்க்கை மட்டும் கொண்டுவந்திருந்தான். என்னிடம் அது பிசிறில்லாமல் ஓடியது. அதனால் வீட்டுக்கே போய் அமைப்பு முழுவதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அங்கே பார்த்தது இது. கன்சோல் டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் இருந்தது. உள்ளே சூடாகிறது என்பதால் டிஸ்க்கை டிவிக்குப் பின்னால் சுவரோரம் வைத்து, 3 மீட்டர் நீல நிற எக்ஸ்டென்ஷன் கேபிளால் கன்சோலின் முன்பக்கத் துளையில் இணைத்திருந்தான். இன்னொரு துளையில் நான்கு வாய் கொண்ட, தனி அடாப்டர் இல்லாத சின்ன ஹப். அதில் கன்ட்ரோலர் சார்ஜ் செய்யும் கேபிள்கள் இரண்டு, வயர்லெஸ் ஹெட்செட்டின் டாங்கிள், கன்சோலின் பின்னால் ஒட்டிய குளிர்விக்கும் விசிறி. ஹெட்செட்டில் அவ்வப்போது சத்தம் அறுந்துபோகிறது என்பது இரண்டாவது புகார்.

முதலில் டிஸ்க்கையே விசாரித்தேன். பிஎஸ்4 தன் கைக்கு எடுத்த டிஸ்க்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால், ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். அந்த இடத்தில் அவசரமாக ஓகே அழுத்திக் கேம்களை எல்லாம் தொலைத்தவர்கள் உண்டு. கேன்சல் கொடுத்துவிட்டு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை மட்டும் படிக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு இந்த ஒரு வரி போதும்:

```
sudo smartctl -a -d sat /dev/sdb
```

இடம் மாற்றிவைத்த பழுதான பகுதி ஒன்றுகூட இல்லை, காத்திருப்பிலும் எதுவும் இல்லை. அதாவது டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுகள் நலம். ஆனால் `Power-Off_Retract_Count` என்ற வரியில் இருநூறுக்கு மேல் எண்ணிக்கை நின்றது. டிஸ்க் முறையாக நிறுத்தப்படாமல் மின்சாரம் திடீரென்று அற்றுப்போகும்போது, தகவலைப் படிக்கும் தலை தட்டில் உரசாமல் இருக்க அவசரமாக ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்கிய ஒவ்வொரு முறையும் இந்த எண் ஒன்று ஏறும். ஒரு வருடத்துக்குள் இருநூறு தடவை யாரும் கேபிளைப் பிடுங்கவில்லை, வீட்டில் அத்தனை மின்வெட்டும் இல்லை. கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மட்டும் மின்சாரம் இல்லாமல் செத்துப் பிழைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்து கேபிள். அதன் உறையில் பொடி எழுத்தில் `28AWG` என்று அச்சிட்டிருந்தது. இந்த எழுத்தைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. கடையிலும் யாரும் காட்டுவதில்லை. இது கம்பியின் பருமன். எண் கூடினால் கம்பி மெலியும். நல்ல கேபிள்களில் இரண்டு எண்கள் இருக்கும், உதாரணமாக `28AWG/1P+24AWG/2C` என்று. முதலாவது தகவல் போகும் ஜோடிக்கு, இரண்டாவது மின்சாரம் போகும் இரண்டு கம்பிகளுக்கு. தகவலுக்கு மெல்லிய கம்பி போதும். மின்சாரத்துக்குப் போதாது. இந்தக் கேபிளில் இரண்டுக்கும் அதே 28.

28 பருமன் உள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை. கேபிள் 3 மீட்டர்தானே என்று கணக்குப் போட்டால் பாதிதான் வரும். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக 6 மீட்டர் கம்பி, கிட்டத்தட்ட 1.3 ஓம். டிஸ்க் சும்மா படித்து எழுதிக்கொண்டிருக்கும்போது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். அப்போது கேபிளிலேயே அரை வோல்ட் கரைந்துவிடும். துளையில் 5 வோல்ட் இருந்தால் டிஸ்க்கின் வாயில் நாலரைதான் இருக்கும். இது ஒன்றும் செய்யாது, ஓடும். ஆனால் 2.5 அங்குல டிஸ்க்கின் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் ஓரிரு நொடிகளில் இழுப்பு 1 ஆம்பியருக்குப் பக்கத்தில் போய்வரும். 0.9 ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும் கேபிள் தின்பது 1.2 வோல்ட். மிஞ்சுவது 3.8. யூஎஸ்பி 3.0 விதிப்படி சாதனத்தின் வாயில் 4 வோல்ட் வரை இறங்கினாலும் அது வேலை செய்யவேண்டும். அதற்குக் கீழே போனால் யாருக்கும் பொறுப்பில்லை.

கிணற்று மோட்டாருக்கு எத்தனை குதிரைத் திறன் இருந்தாலும், நீளமான அரை அங்குல ஓஸ் போட்டால் கடைசி வாழைக்குத் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். கன்சோலின் துளை குறையில்லாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

கணக்கு சரியா என்று அளந்தும் பார்த்தோம். இதில் ஒரு கண்ணி உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டர்களில் பல, பழைய 2.0 வகையின் நான்கு ஊசிகளை மட்டுமே கடத்தும். அதை நடுவில் வைத்தாலே பிஎஸ்4 டிஸ்க்கை ஏற்காது. அளக்கும் கருவியே புதுப் பழுதை உண்டாக்கிவிடும். ஒன்பது ஊசியும் கடந்துபோகும் மீட்டரை எக்ஸ்டென்ஷனின் கடைசி முனைக்கும் டிஸ்க்கின் சொந்தக் கேபிளுக்கும் நடுவே செருகினேன். கேம் ஓடும்போது 4.4 வோல்ட். கேமை நிறுத்திவிட்டு, டிஸ்க்கின் விளக்கு மங்கி அது உறங்கப்போகும் வரை காத்திருந்தோம். இந்த வெளி டிஸ்க்குகள் கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் தாமாகவே தட்டை நிறுத்திவிடும். பிறகு கன்ட்ரோலரைத் தொடச் சொன்னேன். டிஸ்க் எழுந்திருக்க முயன்றது, எண் 3.9க்கு விழுந்தது, ஒரு "டிக்" சத்தம், மீண்டும் சுழற்சி, மீண்டும் "டிக்". மீட்டர் நொடிக்குச் சில தடவைதான் எண்ணை மாற்றும், ஆகவே நாம் பார்க்காத உண்மைப் பள்ளம் இன்னும் ஆழமாகவே இருந்திருக்கும். திரை உறைந்தது.

சாப்பாட்டுக்கும் பழுதுக்கும் உள்ள உறவு அங்கே தெளிந்தது. கேம் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், இழுப்பு குறைவு. இடைவெளி விட்டால்தான் தட்டு நின்று மறுபடி எழ வேண்டிவரும். "எப்போதாவது வருகிறது", "விளையாடும்போது வராது, விட்டுவிட்டு வந்தால் வரும்" என்று யாராவது சொன்னால் மென்பொருளைத் தேடுவதற்கு முன் டிஸ்க்கின் எழுச்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். "டிக்" சத்தமும் கேட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதே சத்தம் சாகப்போகும் டிஸ்க்கிலும் வரும் என்பதுதான் சிக்கல். வேறுபடுத்துவது சுலபம்: எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு டிஸ்க்கை அதன் சொந்தக் குட்டைக் கேபிளில் கன்சோலிலேயே செருக வேண்டும். சத்தம் போய்விட்டால் டிஸ்க் தப்பித்தது. இங்கே போய்விட்டது. நேரடியாகச் செருகியபோது எழும் நேரத்திலும் எண் 4.8க்குக் கீழே வரவில்லை.

யூஎஸ்பி விதிகளில் ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண் என்று அமைந்த சாதாரண எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கு இடமே இல்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். எல்லாக் கடையிலும் தொங்குகிறது, அதனால் அங்கீகரித்த பொருள் என்று நினைத்துவிடுகிறோம். விசைப்பலகைக்கோ சார்ஜுக்கோ அது போதும். அதிவேகத் தகவலும் ஓர் ஆம்பியரும் சேர்ந்து போகவேண்டிய இடத்தில் போதாது. தகவல் பக்கத்திலும் சேதம் வரும். நீளம் கூடி அலை தேய்ந்தால் இணைப்பு 3.0இலிருந்து 2.0க்கு இறங்கிவிடும். பிஎஸ்4க்கோ வெளிச் சேமிப்பகம் என்றால் 3.0 கட்டாயம், 250 ஜி.பி.க்குக் குறையவும் 8 டி.பி.யைத் தாண்டவும் கூடாது. 2017 மார்ச்சில் 4.50 மென்பொருளோடு இந்த வசதி வந்த நாளிலிருந்து இதே விதிதான். இறங்கிய இணைப்பை அது சேமிப்பகமாக ஏற்காது.

அவனுடைய அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது. "அப்ப பவர் அடாப்டர் வச்ச ஹப் ஒண்ணு டிவி பின்னால வச்சுட்டா? அதுக்குத் தனி கரண்ட் வருமே அண்ணே." நியாயமான யோசனை. மின்சாரக் கணக்கு அப்படியே தீர்ந்துவிடும். ஆனால் பிஎஸ்4 அதை ஒப்புக்கொள்ளாது. ஹப் வழியாக வரும் டிஸ்க்கை அது வெளிச் சேமிப்பகமாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஹப்புக்கு எத்தனை ஆம்பியர் அடாப்டர் இருந்தாலும், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதே பதில்தான். இங்கே ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஹப் பழுது என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்களை எனக்குத் தெரியும். ஹப்பில் பழுதில்லை. கன்சோலின் மென்பொருள் வைத்த விதி அது. எக்ஸ்பாக்ஸ் ஹப் வழியாக வரும் டிஸ்க்கை ஏற்கும் என்பதால், எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் நண்பர் சொல்லும் யோசனை இங்கே பலிக்காமல் போவதும் உண்டு.

இந்த விதி இன்னொரு இடத்திலும் வந்து இடிக்கும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்த, 5 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் போகும் "ஆக்டிவ்" எக்ஸ்டென்ஷன் கேபிள்கள் விற்கின்றன. அவற்றில் பலவற்றின் பெட்டிக்குள் இருப்பது ஒரு வாய் மட்டும் வெளியே விட்ட ஹப் சிப். பெயர் கேபிள், கன்சோலின் கண்ணுக்கு ஹப். வாங்கிய கேபிள் எந்த வகை என்று லினக்ஸ் கணினியில் செருகி `lsusb -t` கொடுத்தால் தெரிந்துவிடும்:

```
/:  Bus 02.Port 1: Dev 1, Class=root_hub, Driver=xhci_hcd/4p, 5000M
    |__ Port 1: Dev 3, If 0, Class=Hub, Driver=hub/4p, 5000M
        |__ Port 2: Dev 4, If 0, Class=Mass Storage, Driver=usb-storage, 5000M
```

முதல் வரியில் வரும் `root_hub` கணினியின் சொந்தம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே `Class=Hub` என்று ஒரு வரி வந்தால் பிஎஸ்4 அதை மறுக்கும். வரி ஓரத்தில் `5000M`க்குப் பதில் `480M` என்று இருந்தால் இணைப்பு 2.0க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போதும் மறுக்கும்.

இரண்டு தலை உள்ள ஒய் கேபிளைப் பற்றியும் கேட்டான். கன்சோலின் இரண்டு துளையிலும் செருகி, ஒன்றில் தகவலும் மின்சாரமும், மற்றதில் மின்சாரம் மட்டும் எடுக்கும் கேபிள். கம்பி இரட்டிப்பாவதால் இழப்பு பாதியாகக் குறையும், பலன் உண்டு. ஆனால் பிஎஸ்4 ஸ்லிம்மில் இருப்பதே முன்னால் இரண்டு துளைதான், இரண்டும் அதற்கே போய்விடும். டிஸ்க் கன்சோலின் பக்கத்திலேயே இருந்தால் ஒய் கேபிளே தேவைப்படாது. இந்த ஏற்பாட்டைத் தயாரிப்பாளரே செய்து கொடுத்ததும் உண்டு. வீ யூ கன்சோலுக்கு 2014இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம்கியூப் கன்ட்ரோலர் அடாப்டரில் இரண்டு யூஎஸ்பி தலைகள் இருக்கும். கறுப்புத் தலை தகவலுக்கு, சாம்பல் தலை கன்ட்ரோலர்களின் அதிர்வு மோட்டாருக்கான கூடுதல் மின்சாரத்துக்கு. சாம்பல் தலையைச் செருகாமல் விட்டால் பொத்தான்கள் வேலை செய்யும், அதிர்வு வராது. ஒரு துளை கொடுப்பது நான்கு கன்ட்ரோலர்களின் மோட்டாருக்குப் போதாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்த பொருள் அது. பொருள்களைப் பார்த்து வாங்கும்போது இந்த மாதிரி இரண்டாவது தலை இருந்தால், அதை அலங்காரமாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது.

இனி இரண்டாவது துளையில் தொங்கிய ஹப். தனி அடாப்டர் இல்லாத ஹப் புதிதாக எந்த மின்சாரத்தையும் உண்டாக்காது. தான் செருகியிருக்கும் ஒரு துளை கொடுப்பதைப் பங்கு போடும், அவ்வளவுதான். யூஎஸ்பி 2.0 துளை கொடுக்கவேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. 2.0 வகை ஹப் அந்த 500இல் 100ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியில் வாய்க்கு 100 வீதம் நான்கு வாய்க்குக் கொடுக்கலாம் என்பதுதான் விதி. இதனால்தான் அடாப்டர் இல்லாத ஹப்புகளுக்குப் பெரும்பாலும் நான்கு வாய்களுக்கு மேல் இருப்பதில்லை. டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரின் முதுகில் 5 வோல்ட், 800 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது ஒன்றே அந்த ஹப்பின் முழுப் பங்கையும் தாண்டிவிட்டது. அங்கே இரண்டு இருந்தன, கூடவே விசிறி.

விசிறி மாதிரிப் பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கன்ட்ரோலர், மைக், டாங்கிள் எல்லாம் செருகியவுடன் கன்சோலோடு பேசி, தமக்கு எவ்வளவு வேண்டும் என்று அறிவிக்கும். விசிறியும், டிவிக்குப் பின்னால் ஒட்டும் எல்இடி பட்டையும் எதையும் அறிவிக்காது. 5 வோல்ட் கம்பியைத் தொட்டு நேராக இழுத்துக்கொள்ளும். கன்சோலின் பட்டியலில் அவை இருப்பதே தெரியாது, ஆகவே எச்சரிக்கையும் வராது. அதே ஹப்பில் இருக்கும் நாணயமான சாதனம் ஒன்று பதிலுக்குத் தடுமாறும். அந்த வீட்டில் தடுமாறியது ஹெட்செட் டாங்கிள். கன்ட்ரோலர் இரண்டையும் சார்ஜுக்குப் போட்ட இரவுகளில்தான் சத்தம் அதிகம் அறுந்தது என்று அவன் அம்மாவே சொன்னார்: "அப்பதாம்ப்பா இவன் ரொம்பக் கத்துவான்."

கன்ட்ரோலர்களைச் சாதாரண 5 வோல்ட் போன் சார்ஜருக்கு மாற்றினோம். கன்சோலோடு முதல் தடவை இணைக்கும்போது மட்டும் கேபிளைக் கன்சோலில் செருகினால் போதும். அதன்பிறகு சார்ஜுக்குக் கன்சோல் எதற்கு? விசிறியையும் இன்னொரு சார்ஜருக்கு மாற்றினோம். ஹப் காலியானது, அதைக் கழற்றி டாங்கிளைக் கன்சோலின் துளையிலேயே செருகினோம். டிஸ்க் முதல் துளையில் நேராக. அலமாரிக் கண்ணாடிக் கதவைத் திறந்தே வைப்பது என்று முடிவாயிற்று, சூடு பிரச்சினை அதோடு போனது.

ஹப் அவசியம் தேவைப்படும் வீடுகளும் உண்டு, அங்கே அடாப்டர் உள்ள ஹப்தான் சரி. விசைப்பலகை, கம்பி மைக், சார்ஜ் எல்லாம் அதில் நன்றாக ஓடும். ஸ்டியரிங் வீலில், மோட்டாருக்குத் தனி அடாப்டர் வருகிற வகைக்கு யூஎஸ்பியில் மின்சாரம் அதிகம் வேண்டியதில்லை. ஆனாலும் அதை நேராகச் செருகிவிடுவதே என் வழக்கம், ஓட்டும்போது நடுவில் ஒரு நொடி அறுந்தாலும் பந்தயம் போய்விடும். அடாப்டர் ஹப் வாங்கியதும் ஒரு சோதனை செய்யவேண்டும். மலிவான சிலவற்றில் அடாப்டரின் 5 வோல்ட் மேல்நோக்கிக் கன்சோலுக்குள்ளும் போகும். அதைத் தடுக்கும் பாகத்தைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். ஹப்பின் அடாப்டரைப் போட்டு, கன்சோலுக்குப் போகவேண்டிய தலையைக் காற்றில் வைத்து, அதன் ஓரத்து இரண்டு ஊசிகளை மல்டிமீட்டரால் அளந்தால் சுழியத்தை ஒட்டி வரவேண்டும். 4, 5 வோல்ட் காட்டினால் அந்த ஹப்பைக் கன்சோலில் செருகாதீர்கள். நிறுத்திவைத்த கன்சோலுக்குள் வேண்டாத இடத்தில் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும். கன்சோலைச் சுவரிலிருந்தே பிடுங்கியபின்னும் அதில் செருகிய வேறு சாதனத்தின் விளக்கு எரிகிறது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எல்லாம் நேராகச் செருகியபின் டிஸ்க் ஒழுங்குக்கு வந்தது. ஹெட்செட் மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. கேம் ஒரு புதுக் கட்டத்தை ஏற்றும் நேரங்களில் மட்டும் கரகரத்தது, மற்ற நேரம் சுத்தம். இது மின்சாரக் குறை இல்லை. சார்ஜில் எதுவும் இல்லாதபோதும் வந்தது, டிஸ்க் மும்முரமாகப் படிக்கும்போது மட்டும் வந்தது. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் கசியும் என்பதை இன்டெல் 2012இலேயே அளந்து வெளியிட்டிருக்கிறது. ஹெட்செட் டாங்கிளும் அதே 2.4இல்தான் பேசுகிறது, கன்ட்ரோலரின் புளூடூத்தும் அங்கேதான். டிஸ்க்கின் தலைக்கும் டாங்கிளுக்கும் இடையே சில விரற்கடை தூரமே இருந்தது.

இந்த இடத்தில் எக்ஸ்டென்ஷன் கேபிள் சரியான மருந்து. டாங்கிளின் இழுப்பு 100 மில்லி ஆம்பியர் அளவில்தான். அந்த அளவுக்கு 1 மீட்டர் மெல்லிய கேபிளில் இழப்பு 0.05 வோல்ட்டைத் தொடாது. சாதாரண 2.0 கேபிளே போதும், டாங்கிளுக்கு அதற்கு மேல் வேகமும் தேவையில்லை. வீட்டில் கிடந்த ஒரு பழைய 1 மீட்டர் கேபிளில் டாங்கிளைப் போட்டு, டிவியின் கீழ் விளிம்பில் டேப் ஒட்டி, டிஸ்க்கிலிருந்து விலக்கி வைத்தோம். கரகரப்பு நின்றது. டிஸ்க்கை நகர்த்தாமல் டாங்கிளை நகர்த்தவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: குறைவாக இழுக்கும், மெதுவாகப் பேசும் சாதனத்துக்கு நீளம் பொறுக்கும்.

டிஸ்க்கை எப்படியும் தள்ளித்தான் வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் எக்ஸ்டென்ஷன் போடாமல், டிஸ்க்கின் சொந்தக் கேபிளையே 1 மீட்டர் நீளத்தில், மின்கம்பி `24AWG` உள்ளதாக வாங்கி மாற்றலாம். அதன் போகவரத் தடை 0.17 ஓம்தான், எழும் நேரத்திலும் 0.15 வோல்ட்தான் போகும். நடுவில் ஒரு இணைப்பும் குறைகிறது. இன்னும் தூரம் வேண்டுமென்றால் சொந்த அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க்கிற்குப் போகலாம். மின்சாரம் தனி வழியில் வருவதால் கேபிளில் போவது தகவல் மட்டும், அதுவும் 3 மீட்டருக்குள் இருக்கவேண்டும். சாட்டா எஸ்எஸ்டியை வெளிப் பெட்டியில் போட்டுக்கொள்வது மூன்றாவது வழி. சுழலும் தட்டு இல்லாததால் எழுச்சி என்ற ஒன்றே கிடையாது, கேமும் வேகமாக ஏறும். என்விஎம்இ பெட்டிகள் சூடும் இழுப்பும் அதிகம் கொண்டவை, பிஎஸ்4க்கு அந்த வேகத்தால் பயனும் இல்லை.

இத்தனை தடவை அறுந்ததில் அவன் சேமித்து வைத்த ஆட்ட முன்னேற்றம் ஒன்றும் போகவில்லை. பிஎஸ்4இல் கேம்கள்தான் வெளி டிஸ்க்குக்குப் போகும், சேவ் கோப்புகள் கன்சோலின் உள் டிஸ்க்கிலேயே இருக்கும். இரண்டு கேம்கள் மட்டும் கெட்டிருந்தன. அழித்துவிட்டு மறுபடி இறக்கினான், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான். டிஸ்க்கைக் கழற்றவேண்டிய நாளில் Settings > Devices > USB Storage Devices போய், அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Stop Using This Extended Storage கொடுத்தபின் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

சில வாரம் கழித்து டிஸ்க்கைக் கொண்டுவந்து காட்டினான். `Power-Off_Retract_Count` நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. "பிஎஸ்5 வாங்கினா இதே டிஸ்க்கைப் போடலாமா அண்ணே?" என்று கேட்டான். போடலாம் தம்பி, பிஎஸ்4 கேம்கள் அதிலிருந்தே ஓடும். பிஎஸ்5 கேம்களை அதில் வைத்துக்கொள்ளலாம், விளையாட உள்ளே மாற்றவேண்டும். அங்கேயும் ஹப் கூடாது. முதலில் வந்த மாடலின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய செவ்வகத் துளை 2.0 வகை, டிஸ்க்கை அதில் செருகினால் ஏற்காது. பின்பக்கத்து இரண்டில் ஒன்றில் செருகு.